விசிறி சுழல்கிறது, மானிட்டரில் படம் இல்லை: கடலூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை

2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததையும், அதைத் தொடர்ந்து தென்பெண்ணையில் வந்த வெள்ளம் கடலூரின் பல தெருக்களுக்குள் புகுந்ததையும் இந்தப் பக்கத்து மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். கடலூரில் இருக்கும் என் சித்தப்பா வீட்டில் தண்ணீர் வாசற்படி வரை வந்து நின்றுவிட்டது. அதற்கு முன்பே அவரும் அவருடைய மகனும் சேர்ந்து கணினியைக் கழற்றி, சிபியூவைப் பழைய போர்வையில் சுற்றிப் பரணில் ஏற்றி வைத்துவிட்டார்கள். சித்தப்பா ஆவண எழுத்தர். பத்திரப் படிவங்கள் எல்லாம் அந்தக் கணினியில்தான் இருக்கின்றன என்பதால், அடுப்பங்கரைச் சாமான்களுக்கு முன்பே அது மேலே போனதாகச் சித்தி இன்றும் குறைப்பட்டுக்கொள்கிறார்.

தண்ணீர் வடிந்து, வீடு காய்ந்து, பத்து நாள் கழித்துக் கணினியைக் கீழே இறக்கி இணைத்தபோது படம் வரவில்லை. பொத்தானை அழுத்தினால் சிபியூவுக்குள் விசிறி சுழல்கிறது, முகப்பில் விளக்கு எரிகிறது, ஆனால் மானிட்டரில் சிறிய பெட்டி ஒன்று தோன்றி மிதந்துவிட்டு, சில நொடிகளில் திரை இருண்டுவிடுகிறது. தெரிந்த கடை ஒன்றில் தொலைபேசியில் விவரம் சொன்னதற்கு, ஈரத்தில் மதர்போர்டு போயிருக்கும் என்றும் ஆறாயிரம் ரூபாய் வரை ஆகலாம் என்றும் பார்க்காமலேயே சொல்லிவிட்டார்கள். அதன் பிறகுதான் புதுச்சேரியில் இருக்கும் எனக்கு அழைப்பு வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் மடிக்கணினியையும், திருப்புளி இரண்டையும், ஒரு டெஸ்டரையும் பையில் போட்டுக்கொண்டு கடலூர் பேருந்தில் ஏறினேன்.

போனவுடன் சிபியூவைத் திறக்கவில்லை. விசிறி சுழல்கிறது என்பதற்குப் பவர் சப்ளையிலிருந்து 12 வோல்ட் வருகிறது என்பதற்கு மேல் பொருள் இல்லை. கணினி உயிரோடு இருக்கிறதா என்பதை அது சொல்லாது. அதைச் சொல்வது விசைப்பலகைதான். பொத்தானை அழுத்தி, விண்டோஸ் ஏறுவதற்கு இரண்டு நிமிடம் விட்டு, `Num Lock` விசையைத் தட்டினேன். அதன் சிறு விளக்கு எரிந்தது. மறுபடி தட்டினால் அணைந்தது. விசைக்கு விளக்கு இப்படி மாறி மாறிப் பதில் சொல்கிறது என்றால், பிராசஸரும் ராமும் மதர்போர்டும் தத்தம் வேலையைச் செய்கின்றன, கணினி இருட்டில் நமக்காகக் காத்திருக்கிறது என்றே கொள்ளலாம். எத்தனை முறை தட்டினாலும் விளக்கு அசையவில்லை என்றால் கதை வேறு. அப்போது ராம் அட்டைகளைக் கழற்றி மாட்டுவது போன்ற உள்வேலைக்குப் போக வேண்டும். இங்கே அது தேவைப்படவில்லை. ஆறாயிரம் ரூபாய்ச் செலவு ஏறத்தாழ அந்த நிமிடத்திலேயே விலகிவிட்டது, ஆனால் படம் வரும் வரை அதைச் சித்தப்பாவிடம் சொல்ல எனக்குத் துணிவில்லை.

ஆக, படம் கணினியில் உருவாகிறது, கண்ணுக்கு வந்து சேரவில்லை. அது வரும் வழியில் மூன்று இடங்கள்தான் இருக்கின்றன. சிபியூவின் பின்புறத்தில் கேபிள் செருகப்பட்டிருக்கும் வாய் ஒன்று, கேபிள் ஒன்று, மானிட்டர் எந்த வாயைக் கவனித்துக்கொண்டிருக்கிறது என்பது ஒன்று. இந்த மூன்றாவதைத்தான் மானிட்டரின் பட்டியில் `Input` என்றோ `Source` என்றோ எழுதியிருப்பார்கள்.

தம்பியிடம், அதாவது சித்தப்பாவின் மகனிடம், இதுவரை என்னென்ன செய்து பார்த்தார்கள் என்று வரிசையாகக் கேட்டேன். பாலிடெக்னிக்கில் படிக்கிற பையன், நன்றாகவே முயன்றிருந்தான். முதல் நாள் ஹெச்டிஎம்ஐ கேபிளைச் சிபியூவின் பின்புறத்தில், யுஎஸ்பி வாய்களுக்குப் பக்கத்தில் இருந்த ஹெச்டிஎம்ஐ வாயில் செருகியிருக்கிறான். படம் வரவில்லை. மறுநாள், கீழே கிராபிக்ஸ் கார்டிலும் ஓர் ஹெச்டிஎம்ஐ வாய் இருப்பது நினைவுக்கு வந்து, அதில் மாற்றிச் செருகியிருக்கிறான். அப்போதும் வரவில்லை என்பதால், முன்பு இருந்த இடத்திலேயே மறுபடி செருகிவிட்டான். மூன்றாம் நாள் சித்தப்பா மானிட்டரின் அடியில் இருக்கும் பொத்தான்களைத் தடவி, உள்ளீட்டை `VGA` என்பதிலிருந்து `HDMI` என்று மாற்றியிருக்கிறார். அதிலும் வராததால், எதற்கு வம்பு என்று பழையபடி `VGA` என்றே வைத்துவிட்டிருக்கிறார்.

இதைக் கேட்டதும் ஒரு தாளை எடுத்து நான்கு கட்டம் போட்டேன். மேலே மானிட்டரின் உள்ளீடு, அதாவது விஜிஏ அல்லது ஹெச்டிஎம்ஐ. பக்கவாட்டில் கேபிள் செருகிய வாய், அதாவது மதர்போர்டு அல்லது கார்டு. இரண்டு இரண்டாக நான்கு சேர்க்கைகள். விஜிஏ உள்ளீடும் மதர்போர்டு வாயும் முதல் நாள்; விஜிஏ உள்ளீடும் கார்டு வாயும் இரண்டாம் நாள்; ஹெச்டிஎம்ஐ உள்ளீடும் மதர்போர்டு வாயும் மூன்றாம் நாள். மூன்று கட்டங்களில் பெருக்கல் குறி விழுந்தது. ஹெச்டிஎம்ஐ உள்ளீடும் கார்டு வாயும் சேர்ந்த நான்காவது கட்டம் மட்டும் காலியாக இருந்தது. மூன்று மாலைகள் இரண்டு பேர் உழைத்தும் அந்த ஒரு கட்டத்தை யாரும் தொடவில்லை.

இப்படி நேர்வது அரிதான செய்தி அன்று. ஒரே ஒரு கோளாறு இருந்தால், ஒன்றை மாற்றிப் பார்த்து, பலன் இல்லையென்றால் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததைப் பார்ப்பது சரியான முறைதான். இரண்டு கோளாறுகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருந்தால் அதே முறை கடைசி வரை விடையைக் காட்டாது. தம்பி கேபிளைக் கார்டுக்கு மாற்றியது சரியான செயல், ஆனால் அந்த நேரத்தில் மானிட்டர் வேறு வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. சித்தப்பா உள்ளீட்டை மாற்றியதும் சரியான செயல், ஆனால் அதற்குள் கேபிள் மறுபடியும் தவறான வாய்க்குத் திரும்பியிருந்தது. சரியானதைச் செய்தவர் ஒவ்வொருவரும் அதைத் தவறு என்று எண்ணித் திருப்பி வைத்திருக்கிறார்கள்.

ஆனாலும் காலிக் கட்டத்தை உடனே நிரப்பிப் பார்த்துவிட்டு எழுந்துவிட எனக்கு மனம் வரவில்லை. கேபிள் நல்லதா, மானிட்டர் நல்லதா என்று தெரியாமல் அந்தக் கட்டத்தைத் தொட்டு, அதிலும் படம் வரவில்லை என்றால், நான்கிலும் பெருக்கல் குறி விழுந்து நாங்கள் மறுபடி மதர்போர்டைச் சந்தேகிக்கத் தொடங்கியிருப்போம். ஆகவே மானிட்டர் முனையிலிருந்து ஒவ்வொன்றாகச் சிபியூவை நோக்கிப் போவது என்று முடிவு செய்தேன்.

முதலில் திரையில் உண்மையிலேயே என்ன எழுதியிருக்கிறது என்று படித்தேன். தொலைபேசியில் எல்லோரும் "நோ சிக்னல்னு வருது" என்றுதான் சொல்லியிருந்தார்கள். மானிட்டரை அணைத்துப் போட்டபோது, இடது மேல் மூலையில் `VGA` என்று இரண்டு நொடி தோன்றியது. பிறகு நடுவில் மிதந்த பெட்டியில் `Cable Not Connected` என்று இருந்தது. இது நோ சிக்னல் அன்று. தம்பியின் கைப்பேசியில் இரண்டாம் நாள் எடுத்த படம் ஒன்றும் இருந்தது. அதிலும் இதே சொற்கள்தாம். ஹெச்டிஎம்ஐ கேபிள் மானிட்டரின் பின்னால் உறுதியாகச் செருகியிருப்பதைக் கண்ணால் பார்க்கிறோம், மானிட்டரோ கேபிளே செருகவில்லை என்கிறது. அப்படியானால் அது அந்தக் கேபிளைப் பார்க்கவில்லை, காலியாக இருக்கும் பக்கத்து விஜிஏ வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதே பொருள். `No Signal` என்று வந்திருந்தால், கேபிள் இருக்கிறது, அதன் வழியே படம் மட்டும் வரவில்லை என்று பொருள் கொண்டிருப்பேன். எல்லா மானிட்டர்களும் இந்த இரண்டையும் வேறுபடுத்திச் சொல்வதில்லை, சொற்களும் மானிட்டருக்கு மானிட்டர் மாறும். ஆனாலும் வேறுபடுத்திச் சொல்லும் மானிட்டர் கையில் இருக்கும்போது அதைப் படிக்காமல் விடுவது வீண். மேலும், அந்தப் பெட்டி மிதக்கிறது என்றால் திரையும் அதன் பின்விளக்கும் நல்ல நிலையில் இருக்கின்றன என்பதும் செலவில்லாமலே தெரிந்துவிடுகிறது.

உள்ளீடு எப்படி விஜிஏவுக்குப் போனது என்பது அடுத்த கேள்வி. வெள்ளத்துக்கு முன்பு எல்லாம் ஹெச்டிஎம்ஐயில்தான் ஓடிக்கொண்டிருந்ததாகச் சித்தப்பா உறுதியாகச் சொன்னார். விசாரித்ததில், தண்ணீர் வடிந்த பிறகு பக்கத்து வீட்டுக்காரர் தம்முடைய சிசிடிவி பதிவுப் பெட்டியைப் பார்ப்பதற்காக இந்த மானிட்டரை மூன்று நாள் வாங்கிப் போயிருந்தது தெரியவந்தது. அந்தப் பெட்டியை விஜிஏ கேபிளில் இணைத்து, உள்ளீட்டை மாற்றியிருக்கிறார். மானிட்டர் அதை நினைவில் வைத்துக்கொண்டு, மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் மறக்காமல், திரும்பி வந்து அதே வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. படம் வரும் வாயைத் தானே தேடிக்கொள்ளும் வசதி பல மானிட்டர்களில் உண்டு. இதில் அது இருந்தும் அணைக்கப்பட்டிருந்தது.

உள்ளீட்டை மாற்றுவதிலும் ஒரு சிறு தொல்லை இருக்கிறது. படம் எதுவும் வராதபோது மானிட்டர் சில நொடிகளில் உறங்கிவிடும், உறங்கிய பிறகு பட்டிப் பொத்தானை அழுத்தினால் ஒன்றும் தோன்றாது. சித்தப்பா முதலில் தடுமாறியது இங்கேதான். மானிட்டரை அணைத்து மறுபடி போட்டு, பெட்டி மிதந்துகொண்டிருக்கும் அந்தச் சில நொடிகளுக்குள் பொத்தானைத் தட்ட வேண்டும். அப்போதும் முழுப் பட்டியும் வராமல், உள்ளீட்டைத் தேர்ந்தெடுக்கும் சிறு பட்டி மட்டுமே வரலாம். நமக்கு அது போதும்.

உள்ளீட்டை `HDMI` என்று மாற்றிய பிறகு, சிபியூவைத் தொடாமல், ஹெச்டிஎம்ஐ கேபிளின் மறுமுனையை மட்டும் அதிலிருந்து உருவி என் மடிக்கணினியில் செருகினேன். இரண்டு நொடியில் மடிக்கணினியின் திரை மானிட்டரில் விரிந்தது. இந்த ஒரு செயலில் மானிட்டர் நல்லது, அதன் ஹெச்டிஎம்ஐ வாய் நல்லது, கேபிள் நல்லது, உள்ளீடு இப்போது சரி என்று நான்கு செய்திகள் கிடைத்தன. மடிக்கணினி இல்லாதவர்கள் தொலைக்காட்சியின் செட்டாப் பாக்ஸைக் கொண்டுவந்து இதே சோதனையைச் செய்யலாம். கேபிளை ஆட்டியும் மடக்கியும் பார்த்தேன், படம் விடாமல் நின்றது. கடலோர வீடுகளில் செருகியின் முனைகளில் பச்சைப் பூப்பு ஏறுவது உண்டு என்பதால் விளக்கு வெளிச்சத்தில் அதையும் பார்த்துக்கொண்டேன், சுத்தமாக இருந்தது.

செருகி சரியாக உட்கார வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஹெச்டிஎம்ஐ செருகியில் 19 முனைகள் இருக்கின்றன. கணினி 18ஆம் முனை வழியாக 5 வோல்ட் அனுப்புகிறது. மானிட்டர் அதைக் கண்டு 19ஆம் முனை வழியாக, நான் இங்கே இருக்கிறேன் என்று பதில் தருகிறது. அந்தப் பதில் வந்த பிறகுதான் கணினி மானிட்டரின் விவரங்களைக் கேட்டறிந்து படத்தை அனுப்புகிறது. படம் செல்லும் கம்பிகள் எல்லாம் ஒழுங்காகத் தொட்டுக்கொண்டிருந்தும், அந்த ஒரு முனை சரியாகத் தொடவில்லை என்றால், மறுமுனையில் யாரும் இல்லை என்று கணினி வாளாவிருந்துவிடும். பாதி செருகிய கேபிளில் மங்கலான படம் வராமல் படமே வராமல் போவது இதனால்தான். விஜிஏ பழக்கத்தில் வந்தவர்களுக்கு இது புதிது. அங்கே ஒரு முனை போனால் திரை மஞ்சளாகவோ இளஞ்சிவப்பாகவோ மாறி நம்மிடம் முறையிடும்.

மானிட்டரும் கேபிளும் தேறிவிட்டதால் சிபியூவின் பின்புறம் மட்டுமே மீதி இருந்தது. நிமிர்த்தி வைத்த சிபியூவின் பின்னால் மேல் பாதியில் யுஎஸ்பி, லேன், ஒலிக் குழிகள் எல்லாம் ஒரே தகட்டில் கூட்டமாக இருக்கும். அந்தக் கூட்டத்தில் இருக்கும் விஜிஏவும் ஹெச்டிஎம்ஐயும் மதர்போர்டுக்கு உரியவை. அதற்குக் கீழே, அகலவாட்டில் நீண்ட துளைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். அவற்றில் ஒன்றில் தனியாக நிற்கும் ஹெச்டிஎம்ஐ வாய் கிராபிக்ஸ் கார்டுக்கு உரியது. இந்த வீட்டில் கார்டு வந்தது தம்பியின் விளையாட்டு ஆசையால். 2021இல் அவன் வாங்கிப் பொருத்தியது. அன்று அவன் செருகிய கேபிளை அதற்குப் பிறகு யாரும் கழற்றியதே இல்லை. வெள்ளத்தின்போது அவசரத்தில் உருவியதுதான் முதல் முறை. திரும்ப இணைக்கும்போது கண்ணுக்கு முதலில் பட்ட மேல் வாயில் செருகிவிட்டான்.

மதர்போர்டின் வாயில் ஏன் படம் வரக்கூடாது என்று சித்தப்பா கேட்டார். "வாய்னு இருந்தா வேலை செய்யணும்ல?" என்ற அவருடைய கேள்வி நியாயமானது. அவருடைய கணினியில் இருப்பது படத்தை உருவாக்கும் பகுதியைத் தனக்குள்ளேயே கொண்ட பிராசஸர். கார்டு இல்லாத காலத்தில் அந்த மேல் வாயில்தான் படம் வந்துகொண்டிருந்தது. கார்டு ஒன்று பொருத்தப்பட்டதும், கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் மென்பொருளான பயாஸ் அதைக் கண்டுகொண்டு, பிராசஸருக்குள் இருக்கும் அந்தப் பகுதியை அணைத்துவிட்டு, படம் தரும் பொறுப்பைக் கார்டிடம் கொடுத்துவிடுகிறது. பயாஸில் `Primary Display` அல்லது `Initial Display Output` என்ற பெயரில் இருக்கும் அமைப்பு `Auto` என்று இருந்தால் பெரும்பாலான போர்டுகளில் இதுதான் நடக்கும். வாய் கெட்டுப்போகவில்லை, அதன் பின்னால் இருக்கும் கடைக்கு அன்று விடுமுறை, அவ்வளவுதான்.

வேறு சில கணினிகளில் அந்த வாய்க்குப் பின்னால் கடையே இருக்காது. இன்டெல் பிராசஸர்களில் `i5-10400F` என்பதுபோல எண்ணின் கடைசியில் `F` எழுத்து இருப்பவற்றுக்குள் படம் உருவாக்கும் பகுதி இயங்குவதில்லை. ஆனாலும் அதே மதர்போர்டு மற்றப் பிராசஸர்களுக்கும் பொருந்த வேண்டும் என்பதால் ஹெச்டிஎம்ஐ வாய் மட்டும் பின்னால் வைக்கப்பட்டிருக்கும். அத்தகைய கணினியில் கார்டைக் கழற்றினாலும் பயாஸை மாற்றினாலும் மேல் வாயில் ஒருபோதும் படம் வராது. பழைய கணினி வாங்குபவர்கள் பிராசஸரின் பெயரைக் கடைசி எழுத்து வரை கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

கேபிளை மாற்றுவதற்கு முன் யுபிஎஸ்ஸை அணைத்து, சிபியூவின் மின்கம்பியைச் சுவரிலிருந்து உருவச் சொன்னேன். ஹெச்டிஎம்ஐயை ஓடும்போதே செருகலாம் என்பது உண்மைதான். ஆனால் வெள்ளம் வந்துபோன வீட்டில் எர்த் ஒழுங்காக இருக்கிறதா என்பது எனக்குத் தெரியாது. எர்த் இல்லாத இணைப்பில் சிபியூவின் இரும்புக் கூட்டில் டெஸ்டரை வைத்தால் மினுக்கும், கை வைத்தால் சுரீரென்று மெல்லிய கூச்சம் இருக்கும். பவர் சப்ளையின் வடிகட்டி வழியே கசியும் சிறு மின்னோட்டம் அது. இரண்டு சாதனங்களின் கூடுகளுக்கிடையே அப்படி ஒரு வேறுபாடு இருக்கும்போது செருகியை நுழைத்தால், அந்தக் கசிவு நுண்ணிய முனைகளின் வழியே பாய்ந்து வாயையே கொன்றுவிடலாம். இங்கே டெஸ்டர் மினுக்கத்தான் செய்தது. மின்பணியாளரை அழைத்து எர்த் கம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள் என்று சித்தியிடம் தனியாகச் சொல்லி வைத்தேன். சித்தப்பாவிடம் சொன்னால் அது பொங்கலுக்குப் பிறகு என்று தள்ளிப்போகும்.

கேபிளைக் கார்டின் வாயில் செருகி, மானிட்டரை முதலில் போட்டு, பிறகு சிபியூவைப் போட்டேன். மூன்று நொடியில் மதர்போர்டின் சின்னமும், அதன் பின் விண்டோஸும் வந்தன. நான்காவது கட்டத்தில் சித்தப்பாவே பேனாவை வாங்கிச் சரிக்குறி போட்டார்.

அந்தச் சரிக்குறியின் மை காய்வதற்குள் படம் போய்விட்டது. மேசையைச் சுவரோடு சேர்த்து நகர்த்தியபோது திரை ஒரு முறை வெட்டி இருண்டது. இந்த முறை `No Signal` என்று வந்தது. கேபிளை மெல்ல மேல்நோக்கித் தூக்கினால் படம் வருகிறது, விட்டால் போகிறது. மடிக்கணினியில் ஆட்டியும் மடக்கியும் பார்த்தபோது நின்ற கேபிள் இது; ஆகவே இப்போது சந்தேகம் கார்டின் பக்கம் திரும்பியது. இதே நிலை தம்பி இரண்டாம் நாள் முயன்றபோதும் இருந்திருக்கக்கூடும். அன்று உள்ளீடு சரியாக இருந்திருந்தாலும் அவனுக்குப் படம் நிலைத்திருக்குமா என்பது ஐயமே.

மறுபடி மின்சாரத்தைத் துண்டித்து, முகப்புப் பொத்தானைச் சில நொடிகள் அழுத்தி மிச்ச மின்னூட்டத்தை வடியவிட்டு, பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். கார்டைப் பின்பக்கத் தகட்டோடு இறுக்கிப் பிடிக்க வேண்டிய ஸ்க்ரூ அங்கே இல்லவே இல்லை. மூன்று ஆண்டுகளாகக் கார்டு தன் பள்ளத்தின் பிடிப்பில் மட்டுமே நின்றிருக்கிறது. பரணில் ஏற்றி இறக்கியதிலும், கேபிளைச் சடாரென்று உருவியதிலும், அது சற்றுச் சாய்ந்து உள்நோக்கி நகர்ந்திருந்தது. அதனால் ஹெச்டிஎம்ஐ வாய் தகட்டின் துளைக்கு நேராக நிற்காமல் ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் உள்ளே போயிருந்தது. செருகியின் பிளாஸ்டிக் தலை தகட்டில் முட்டிக்கொண்டு, உலோகப் பகுதி முழுவதும் நுழையாமல் தொக்கி நின்றது. வெளியிலிருந்து பார்த்தால் முழுவதும் செருகியதுபோலத்தான் தெரியும். நல்ல நிலையில் செருகிக்கும் வாய்க்கும் இடையே உலோகம் ஏறத்தாழத் தெரியவே கூடாது. இங்கே மெல்லிய வெள்ளிக் கோடு ஒன்று தெரிந்தது.

கார்டைக் கழற்றுவதற்கு, பள்ளத்தின் முனையில் இருக்கும் சிறு பிளாஸ்டிக் பிடியை அழுத்திக்கொண்டு நேராக மேலே இழுக்க வேண்டும். பிடியை அழுத்தாமல் இழுத்தால் பிடி ஒடியும், சில வேளை பள்ளமே பெயரும். இது சிறிய கார்டு என்பதால் பள்ளத்திலிருந்து கிடைக்கும் மின்சாரமே இதற்குப் போதும். பெரிய கார்டுகளுக்குப் பவர் சப்ளையிலிருந்து ஆறு அல்லது எட்டு முனைக் கம்பி ஒன்று தனியாக வர வேண்டும். சுத்தம் செய்யும்போது அதைக் கழற்றிவிட்டு மறந்தாலும் விசிறி சுழலும், படம் வராது.

கார்டு வெளியே இருந்த அந்த இடைவெளியில், மூன்று நாளாகக் குற்றவாளிக் கூண்டில் நின்ற மதர்போர்டையும் விசாரித்துவிடலாம் என்று, கேபிளை மேல் வாயில் செருகிக் கணினியைப் போட்டேன். படம் வந்தது. கார்டு இல்லாததால் பயாஸ் பிராசஸருக்குள் இருக்கும் பகுதியை எழுப்பிவிட்டது. கடைக்காரர் சொன்ன ஈரம் எதையும் கெடுக்கவில்லை என்பது இதோடு தெளிவாகிவிட்டது. கார்டு பழுதாகி, மாற்றுக் கார்டும் கையில் இல்லாதபோது, இப்படிக் கார்டைக் கழற்றி வைத்துவிட்டே சில நாள் வேலையை ஓட்டலாம் என்பதையும் தம்பியிடம் சொல்லி வைத்தேன்.

கார்டின் தங்கநிற முனைகளை உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, பள்ளத்தில் இரண்டு முனையிலும் சம அழுத்தம் கொடுத்து, பிடி டக்கென்று பூட்டும் வரை அமுக்கினேன். ஸ்க்ரூவுக்கு என்ன செய்வது என்று தேடியபோது, பயன்படாமல் கிடந்த பழைய டிவிடி டிரைவிலிருந்து ஒன்றைக் கழற்றிப் பார்த்தோம். அதன் மரை நுண்மையானது, இதற்குச் சேரவில்லை. சிபியூவின் பக்கத் தகட்டைப் பிடிக்கும் இரண்டு ஸ்க்ரூக்களில் ஒன்று சரியாகப் பொருந்தியது. பக்கத் தகடு ஒரே ஸ்க்ரூவில் நிற்பதில் கெடுதல் எதுவும் இல்லை. இறுக்கிய பிறகு கேபிளைச் செருகினேன். வெள்ளிக் கோடு மறைந்தது. மேசையை இரண்டு முறை வேண்டுமென்றே இடித்துப் பார்த்தோம், படம் அசையவில்லை.

எந்த வாயில் செருகினாலும் படம் வரும்படி செய்துவிடலாமே என்று தம்பி கேட்டான். அதற்கான அமைப்பு அந்தப் போர்டின் பயாஸில் `iGPU Multi-Monitor` என்ற பெயரில் இருந்தது. அதை இயக்கிப் பார்த்தோம். விண்டோஸ் ஏறிய பிறகு இரண்டு வாயிலும் படம் வந்தது உண்மைதான். ஆனால் தொடக்கத்தில் வரும் சின்னமும் பயாஸ் திரையும் முதன்மையாகக் குறிக்கப்பட்ட கார்டின் வாயில் மட்டுமே வந்தன. நாளை விண்டோஸ் ஏறாமல் நின்றால், மேல் வாயில் இணைத்திருப்பவர் மறுபடியும் வெறும் இருட்டைத்தான் பார்ப்பார், மறுபடியும் மதர்போர்டைத்தான் சந்தேகிப்பார். இரண்டு மானிட்டர் வைத்திருப்பவர்களுக்கு அந்த அமைப்பு உதவும். இந்த வீட்டில் இருப்பது ஒன்றே என்பதால் அதைப் பழையபடி அணைத்துவிட்டேன். மானிட்டரின் பட்டியில் வாயைத் தானே தேடும் வசதியை மட்டும் இயக்கி வைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் மறுபடி கேட்டு வருவார் என்பது உறுதி.

கிளம்புவதற்கு முன் மதர்போர்டின் விஜிஏ, ஹெச்டிஎம்ஐ வாய்கள் இரண்டையும் மூடி ஒரு துண்டுக் காகித நாடாவை ஒட்டினேன். அதன்மேல் ஏதாவது எழுதிவிடலாம் என்று பேனாவைத் தேடியபோது சித்தப்பா அதைத் தம் கையில் வாங்கிக்கொண்டு, பத்திரத்தில் எழுதும் அதே நிதானத்தோடு, "இதில் இணைக்கலாகாது" என்று எழுதி, கீழே தேதியும் போட்டார்.